வந்தவுடன் 1200 எதற்கு?

"அம்மாபேட்டையில் இருந்து எழுதுகிறேன் சார். நானும் தம்பியும் ஆடுபுலி ஆட்டத்தை ஆன்லைனில் போட்டிருக்கிறோம். சேலம், ஆத்தூர், ஏற்காடு என்று ரெகுலராக ஆடுபவர்கள் 60 பேர் இருப்பார்கள். எல்லோருக்கும் 1200-இல் தொடங்கி, ஒரு மேட்சில் அதிகபட்சம் 32 பாயின்ட் மாறும்படி K=32 வைத்து எலோ ரேட்டிங் போடுகிறோம். போன வாரம் ஒரு புதுப் பையன் வந்து ஒரே ராத்திரியில் பழைய ஆட்களை வரிசையாக அடித்தான். தோற்றவர்களுக்கு 20, 25 என்று பாயின்ட் போய்விட்டது. இனி ரேங்க் மேட்ச் வேண்டாம் என்கிறார்கள். புதியவர்களை எந்த ரேட்டிங்கில் உள்ளே விடுவது?"

எந்த ரேட்டிங்கிலும் விடாதீர்கள். முதல் ஐந்து மேட்ச் முடியும் வரை அவருக்கு ரேட்டிங்கே வேண்டாம். முடிந்ததும் ஐந்தையும் ஒன்றாக வைத்து ஓர் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுங்கள். அதுவரை அவரோடு ஆடிய பழையவர்களின் கணக்கையும் நிறுத்தி வையுங்கள்.

உங்கள் பழைய ஆட்களின் கோபம் நியாயமானது. 1380-இல் இருப்பவர் 1200-காரரிடம் ஜெயிக்கும் வாய்ப்பு எலோ கணக்கில் 0.74. தோற்றால் 32 × 0.74, சுமார் 24 பாயின்ட் போகும். ஆனால் அந்தப் பையன் 1200-காரன் இல்லையே. அந்த எண்ணை யாரும் அளந்து பார்க்கவில்லை, நீங்களாக எழுதி வைத்தது. தோற்றவர் பலமான ஆளிடம்தான் தோற்றார், ஆனால் அபராதம் கத்துக்குட்டியிடம் தோற்றதற்கு.

பலரும் இதற்குச் செய்வது, புதியவருக்கு மட்டும் K-வை 80 போல உயர்த்துவது. அவர் சீக்கிரம் மேலே போவார், சரி. ஆனால் தோற்றவரின் 24 போனது போனதுதான். இன்னொன்று, முதல் மேட்ச் எதிராளி யார் என்பதையும் ஜெயித்த வரிசையையும் பொறுத்து முடிவு மாறும். முதல் மூன்றில் ஜெயித்து நான்காவதில் தோற்பவருக்கும், முதலில் தோற்று அடுத்த மூன்றில் ஜெயிப்பவருக்கும் வேறு வேறு எண் வரும். ஒரே ராத்திரியில் ஆடியதற்கு அப்படி வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் ஐந்தையும் ஒரே பையில் போடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த எதிராளிகளிடம் இந்த ஸ்கோர் வர வேண்டுமானால் ஆடுபவரின் ரேட்டிங் எவ்வளவு இருக்க வேண்டும்?

உங்கள் பையனையே எடுத்துக்கொள்வோம். எதிராளிகள் 1380, 1340, 1420, 1450, 1400 என்று வைப்போம். 1450-காரரிடம் மட்டும் தோற்றான், அதாவது ஐந்துக்கு நான்கு. அப்படியே கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 1640 வரும். ஐந்தே மேட்சை நம்பி அவ்வளவு கொடுப்பது அவசரம். ஐந்தும் ஜெயித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். விடைக்கு எல்லையே இல்லை, உங்கள் புரோகிராம் மேலே போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கு உலகச் செஸ் சம்மேளனமான ஃபிடே ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. 2024 மார்ச் முதல், புதிய ஆட்டக்காரரின் முதல் ரேட்டிங்கைக் கணக்கிடும்போது, 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை ஆட்களோடு அவர் டிரா செய்ததாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் 1800-க்குப் பதில் 1200 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஏழு மேட்சுக்கு ஐந்து பாயின்ட். விடை 1512. நான் பார்த்தவரை இது நம்பக்கூடிய எண். ஐந்திலும் தோற்றவருக்கும் விடை கிடைக்கும். எதிராளிகள் எல்லோரும் 1200 என்றால் அவர் 889-இல் நிற்பார்.

கோட் இவ்வளவுதான்:

```python
def win_prob(me, opp):
    return 1 / (1 + 10 ** ((opp - me) / 400))

def placement(games, anchor=1200):
    games = games + [(anchor, 0.5)] * 2
    score = sum(s for _, s in games)
    lo, hi = 0, 3000
    while hi - lo > 1:
        mid = (lo + hi) / 2
        if sum(win_prob(mid, o) for o, _ in games) < score:
            lo = mid
        else:
            hi = mid
    return round((lo + hi) / 2)
```

ஆடுபுலியில் ஒரு விஷயம் இருக்கிறது. புலிப் பக்கமும் ஆட்டுப் பக்கமும் சமம் இல்லை. பக்கம் மாற்றி இரண்டு ஆட்டம் ஆடினால்தான் ஒரு மேட்ச் என்று வையுங்கள். ஆளுக்கு ஒன்று என்றால் 0.5. இது இல்லாவிட்டால், ஐந்து தடவையும் நல்ல பக்கமே கிடைத்த அதிர்ஷ்டசாலியைத்தான் நீங்கள் அளந்துகொண்டிருப்பீர்கள்.

இனி தோற்றவர்களுக்கு வருவோம். புதியவரோடு ஆடிய மேட்ச் திரையில் 'நிலுவை' என்று மட்டும் நிற்கட்டும். பையனுக்கு 1512 கிடைத்ததும் அந்த எண்ணை வைத்துப் பழையவர்களின் கணக்கை முடியுங்கள். 1380-காரருக்கு அவனிடம் ஜெயிக்கும் வாய்ப்பு 0.32, ஆகவே போவது 10 பாயின்ட்தான். ஃபிடேயில் இதைவிடக் கண்டிப்பு: ரேட்டிங் இல்லாதவரோடு ஆடியது ரேட்டிங் உள்ளவரின் கணக்கில் சேரவே சேராது. 60 பேர் உள்ள இடத்தில் அப்படி விட்டால் ஒரு ராத்திரி ஆட்டமே வீணாகிவிடும், அதனால் நிலுவைதான் நல்லது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு மேட்சில் தோற்றுவிட்டு ஆப்பை அழித்துவிட்டுப் போகிறவர்கள் எந்த விளையாட்டிலும் நிறைய. இப்போது அவர்கள் விட்டுப்போகும் பாயின்ட் பழையவர்களிடம் சேர்ந்து ரேட்டிங் ஊதிக்கொண்டே போகும். ஐந்தை முடிக்காதவரின் மேட்ச் நிலுவையிலேயே 30 நாளில் காலாவதியானால் அந்த ஊதல் நின்றுவிடும். நண்பனுக்குப் பாயின்ட் கொடுக்கவே புதுக் கணக்குத் திறந்து தோற்பவனாலும் பெரிய பயன் இல்லை. அவன் எண் 1000 பக்கம் இறங்கிவிடும், அவனை ஜெயித்த 1380-காரருக்கு சுமார் மூன்று பாயின்ட்தான் கிடைக்கும்.

பாதியில் அறுந்துபோகும் மேட்சுக்கும் ஒரு விதி வேண்டும். ஏற்காடு பஸ்ஸில் உட்கார்ந்து ஆடுபவருக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் சிக்னல் எங்காவது போகும். முதல் ஐந்தில் ஒன்று அப்படிப் போனால், இரண்டாம் ஆட்டம் தொடங்கும் முன் என்றால் மேட்சை ரத்து செய்யுங்கள், தொடங்கிய பிறகு என்றால் தோல்வி. ரத்தை அளவில்லாமல் கொடுத்தால் தோற்கப் போகிறவர் டேட்டாவை அணைப்பார். ஓர் ஆளுக்கு இரண்டு ரத்து போதும்.

ஐந்து முடிந்த பிறகும் அந்த எண் தோராயமானதுதான். அடுத்த 15 மேட்சுக்கு அவருக்கு மட்டும் K=48 வைத்து, அப்புறம் எல்லோரையும் போல 32-க்குக் கொண்டுவாருங்கள்.

1200 என்ற நங்கூரம் சரியா என்பதை மட்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். விட்டுப்போகாமல் தொடர்ந்து ஆடுபவர்கள் பொதுவாகப் புதியவர்களைவிடப் பலசாலிகள். அதனால் பழையவர்களின் சராசரி புதியவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம். கடைசியாக வந்த பத்துப் பேரை எடுங்கள். ரேட்டிங் கிடைத்த பிறகு ஒவ்வொருவரும் ஆடிய பத்து மேட்சில் எலோ எதிர்பார்த்த மொத்தப் பாயின்ட்டையும் உண்மையில் வந்ததையும் ஒப்பிடுங்கள். எதிர்பார்த்தது 50, வந்தது 47 என்றால் கவலை வேண்டாம், நூறு மேட்சில் அவ்வளவு ஏற்ற இறக்கம் இயல்பு. 38 என்றால் எல்லோரையும் உயரத்தில் இறக்குகிறீர்கள், `anchor`-ஐ 1100-க்கு இறக்கிப் பாருங்கள்.

போன வார மேட்ச் பதிவு உங்களிடம் இருக்கும் அல்லவா? அந்த ராத்திரிக்கு முந்தைய ரேட்டிங்கில் இருந்து எல்லா மேட்சையும் இந்த முறையில் வரிசையாக ஓட்டுங்கள். 60 பேருடையது ஒரு நொடி வேலை. 1380-காரருக்கு அந்த ஒரு மேட்சில் மட்டும் 14 பாயின்ட் திரும்பி வரும். அதைத் திரையில் காட்டிவிட்டு அவரை மறுபடியும் ஆடக் கூப்பிடுங்கள்.