பனியன் துணியில் கழுத்துப் பட்டி படிந்து உட்கார என்ன செய்வது?

"குன்னூரில் இருக்கிறேன். பனியன் துணியில் நான் தைக்கும் டி-ஷர்ட்டில் கழுத்துப் பட்டி அலை அலையாக எழும்பி நிற்கிறது. மேலே ஸ்வெட்டர் போட்டால் இன்னும் துருத்துகிறது. எங்கே தப்பு?"

பெரும்பாலும் பட்டியின் நீளத்தில்தான். பட்டியைத் தைக்கும் ஓரம் பெரிய வட்டம். மடிப்பு ஓரம் அதற்குள் அமையும் சின்ன வட்டம். பட்டி 1.5 செ.மீ. அகலம் என்றால், தரையில் விரித்துப் பார்க்கும்போது இரண்டுக்கும் சுமார் 9 செ.மீ. வித்தியாசம் வரும். கழுத்தளவுக்கே பட்டியை வெட்டினால் அந்த மிச்சம்தான் அலையாக எழும்புகிறது. குறைத்து வெட்டி இழுத்துத் தைத்தால், மடிப்பு ஓரம் சுருங்கி உள்ளே படியும். பட்டி அகலமாக ஆக இன்னும் குறைக்க வேண்டும்.

தையல் விழும் கோட்டில் கழுத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். வெட்டிய ஓரத்தில் அளந்தால் கணக்கு தப்பும். அளவு 48 செ.மீ. என்று வைப்போம். அதே துணியில் பட்டி என்றால் 85 சதவீதம், அதாவது 41. இணைப்புக்கு 2 சேர்த்து 43 செ.மீ. ரிப் துணி என்றால் 80 சதவீதம் போதும். அகலம் 5 செ.மீ. வெட்டினால், இரு ஓரமும் 1 செ.மீ. தையலுக்குப் போக, மடித்தபின் 1.5 நிற்கும். துணி அதிகம் இழுபடும் திசைதான் பட்டியின் நீளமாக வர வேண்டும்.

வெட்டும் முன் 10 செ.மீ. துணியை இழுத்துப் பாருங்கள். 14 வரை வந்து, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பினால் சரி. வரவில்லை என்றால் தலை நுழையாது. திரும்பவில்லை என்றால் பட்டி தொளதொளத்துவிடும். அப்போது லைக்ரா கலந்த ரிப்தான் நல்லது. துணியைத் துவைத்துக் காயவைத்தபின் வெட்டுங்கள். நம் மழைக்காலத்தில் அதற்கே சில நாள் ஆகும், ஆனாலும் காத்திருங்கள்.

கழுத்தையும் பட்டியையும் நாலாகப் பிரித்துக் குறியிட்டு, குறிக்குக் குறி சேர்த்துப் பின் குத்துங்கள். பட்டியை மட்டும் இழுங்கள், சட்டையை இழுக்கவே கூடாது. முன் கழுத்து வளைவில் கொஞ்சம் அதிகம், பின் கழுத்தில் குறைவாக.

ஊசி 75 நம்பர் பால் பாயிண்ட். சாதா ஊசியின் கூர்முனை நூலை அறுத்து ஓட்டை போடும். லைக்ரா துணியில் தையல் விட்டு விட்டு விழுந்தால் ஸ்ட்ரெச் ஊசிக்கு மாறுங்கள். தையல் குறுகிய ஜிக்ஜாக்: அகலம் 1, நீளம் 2.5. நேர்த்தையல் மட்டும் போடும் மெஷினில் தைத்தால் தலை நுழையும்போது நூல் படக்கென்று அறும். அந்த ஒரு தையலுக்கு ஓவர்லாக் இருக்கும் கடையில் கொடுப்பது மேல்.

தைத்ததும் தையல் ஓரத்தைச் சட்டைப் பக்கம் தள்ளி, ஆவி இஸ்திரியை தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள். அதற்குப் பிறகும் மடிப்பு ஓரம் எழும்பினால் அடுத்த முறை பட்டியில் 1 செ.மீ. குறையுங்கள். சட்டைத் துணி சுருக்கம் விழுந்தால் பட்டி குட்டை. பட்டி படிந்து, தையல் கோடு மட்டும் அலைந்தால், தைக்கும்போது சட்டையும் சேர்ந்து இழுபட்டிருக்கிறது. மெஷினின் கால் அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்.