மண்ணீரல் எடுத்தவருக்கு ராத்திரியில் காய்ச்சல் வந்தால்

அக்கா, என் தம்பிக்கு 31 வயது. 4 வருஷத்துக்கு முன்னாடி கொழுந்து லொறியில இருந்து விழுந்து மண்ணீரலை எடுத்துட்டாங்க. நல்லாத்தான் வேலைக்குப் போறான். காய்ச்சல் வந்தா எல்லாரையும் போல 2, 3 நாள் பனடோல் குடுத்துப் பார்க்கலாமா? (மஸ்கெலியா)

வேண்டாம் தங்கச்சி. ஒரு ராத்திரிகூடப் பார்க்க வேண்டாம்.

நியுமோகொக்கஸ் என்ற கிருமிக்கு வழுவழுப்பான உறை ஒன்று உண்டு. இரத்தத்தில் ஓடும் அந்தக் கிருமியைப் பிடித்து அழிப்பதில் மண்ணீரலுக்குத்தான் பெரிய பங்கு. அது இல்லாதவர் உடம்பில் கிருமி மணிக்கணக்கில் பெருகிவிடும். ஆரம்பம் சாதாரண தடிமன் காய்ச்சல் போலவே இருக்கும்: நடுக்கம், உடம்பு வலி, வாந்தி, சிலருக்கு வயிற்றோட்டம். அதனால்தான் ஏமாந்து போகிறோம்.

நான் சத்திரசிகிச்சை வார்டில் தாதியாக இருந்தபோது ஒரு இளைஞரைக் கொண்டு வந்தார்கள். விபத்தில் மண்ணீரல் போனவர். இரவு 9 மணிக்கு நடுக்கத்தோடு காய்ச்சல். பனடோல் போட்டுப் படுத்திருக்கிறார். 2 மணிக்கு வாந்தி. மேல் டிவிஷன் லயம், வெளியே மழை, விடியட்டும் என்று காத்திருந்தார்கள். காலையில் கைகால் சில்லிட்டு, தோலில் ஊதா நிறத் திட்டுகள். 8 மணிக்கு எங்களிடம் வந்தபோது இரத்த அழுத்தம் அதலபாதாளத்தில். பிழைத்தார், ஆனால் கால்விரல்கள் போயின. அவரை வீட்டுக்கு அனுப்பும்போது காய்ச்சல் பற்றி யாருமே சொல்லவில்லை என்று அவருடைய மனைவி அழுததை நான் மறக்கவில்லை.

தம்பியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், அவசரத்துக்கு வீட்டில் வைத்துக்கொள்ள அன்டிபயோட்டிக் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் கோ-அமொக்சிக்லாவ் கொடுப்பார்கள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்ல வேண்டும், அவருக்கு வேறு மருந்து. காய்ச்சல் 38 பாகை தொட்டாலோ, காய்ச்சல் இல்லாமலே நடுக்கம் வந்தாலோ, எழுதிக் கொடுத்த முதல் வேளையை வீட்டிலேயே விழுங்கிவிட்டு, அந்த நேரமே த்ரீவீலோ தோட்ட லொறியோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். குளிசை விழுங்கியாயிற்று என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது, அது வழிக்கு மட்டும். வாசலில் முதல் வார்த்தையே “இவருக்கு மண்ணீரல் இல்லை” என்பதாக இருக்கட்டும். ஒரு அட்டையில் எழுதி அடையாள அட்டையோடு வைத்தால் இன்னும் நல்லது, மயங்கி விழுந்தவரால் பேச முடியாது. லயத்து ஈரத்தில் குளிசை கெட்டுவிடும். இறுக்க மூடும் டின்னில் வைத்து, காலாவதித் திகதியை அடிக்கடி பாருங்கள்.

நான் தோட்ட டிஸ்பென்சரியில் வேலை செய்கிறேன். அன்டிபயோட்டிக் முதலில் கொடுத்தால் பிளட் கல்ச்சரில் கிருமி வளராதே? இரத்தம் எடுக்கும்வரை பொறுக்க வேண்டாமா?

நீங்கள் சொல்வதில் பாதி சரி, தம்பி. இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் அந்தக் கல்ச்சர் சோதனை கெடலாம். ஆஸ்பத்திரி வாசலில் இருப்பவருக்கு இரத்தம் எடுத்துவிட்டு உடனே ஊசி போடலாம். உங்கள் டிஸ்பென்சரியில் இருந்து மண்பாதையில் இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும்போது, கல்ச்சருக்காக அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்காதீர்கள். கடிதத்தில் மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம் எழுதி அனுப்புங்கள். டெங்கு சந்தேகம் இருந்தாலும் இதே வழிதான், இரத்தப் பரிசோதனை அங்கே நடக்கட்டும்.

எனக்கு நியுமோனியா தடுப்பூசி போட்டாச்சு. அப்புறமும் பயப்படணுமா?

காய்ச்சலை அலட்சியப்படுத்தாத அளவுக்கு ஆம். நியுமோகொக்கஸில் 90க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு ஊசி 13 வகைக்கு, இன்னொன்று 23 வகைக்கு. முதலில் 13 வகை ஊசி, குறைந்தது 8 வாரம் கழித்து 23 வகை ஊசி, அதை 5 வருடத்தில் திரும்பப் போடுவது வழக்கம். உங்களுக்கு எது போட்டார்கள் என்று அட்டையில் பாருங்கள். மெனிஞ்சோகொக்கஸ், ஹிப் ஊசிகளும் வேண்டும், வருடா வருடம் ஃப்ளூ ஊசியும். திட்டமிட்ட ஒப்பரேஷன் என்றால் 2 வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். விபத்தில் எடுத்தவருக்கு ஒப்பரேஷன் முடிந்து 2 வாரம் கழித்து. வருடக்கணக்கில் விட்டுப்போனவரும் இப்போது தொடங்கலாம்.

எங்க அம்மாவுக்கு போன மாசம் பித்தப்பையை எடுத்தாங்க. அவங்களுக்கும் இந்த ஊசியெல்லாம் வேணுமா?

பித்தப்பை வேறு, மண்ணீரல் வேறு. பித்தப்பை எடுத்ததற்காக இவை தேவையில்லை.

என் மகனுக்கு தலசீமியா, 9 வயசு. போன வருஷம் மண்ணீரல் எடுத்தாங்க. தினமும் 2 வேளை பெனிசிலின். எத்தனை வருஷம் குடுக்கணும்? பக்கத்து வீட்டு அண்ணன் பெரியவங்களுக்குத் தேவையில்லைன்னு சொல்றார்.

இதில் வைத்தியர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. எடுத்த முதல் 2, 3 வருடம்தான் ஆபத்து மிக அதிகம், அந்தக் காலம் கட்டாயம் என்பதில் பெரிய சண்டை இல்லை. அதற்குப் பிறகு சிலர் நிறுத்துவார்கள், சிலர் ஆயுள் முழுக்க என்பார்கள். பெரியவர்களுக்கு 250 மில்லிகிராம் 2 வேளை என்று தொடர்வதும் உண்டு. ஆகவே அண்ணன் சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. தலசீமியா பிள்ளைகளுக்கு ஆபத்து விபத்தில் எடுத்தவரைவிடக் கூடுதல், அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் கிளினிக்கில் சொல்லாமல் ஒரு வேளையும் நிறுத்த மாட்டேன். குளிசை தீரும் முன்பே அடுத்ததை வாங்கி வையுங்கள், மண்சரிவில் பாதை அடைபட்ட நாட்களில்தான் பலருக்கு விட்டுப்போகிறது.

அப்புறம் இன்னொன்று. மகன் லயத்து நாய்களோடு விளையாடுவான் அல்லவா? நாய் கடித்தாலோ கீறினாலோ விசர்நாய் ஊசியோடு நின்றுவிடாதீர்கள். நாயின் எச்சிலில் உள்ள ஒரு கிருமி மண்ணீரல் இல்லாதவர் இரத்தத்தில் பரவும். காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காய்ச்சல் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே காட்டி, அன்டிபயோட்டிக் கேளுங்கள்.