பிஎல்சிக்கு எத்தனை கதவு? வாசகர் கேள்விகள்

எங்கள் பம்ப் ஹவுஸில் பம்பை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பிஎல்சியில் கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டுதான் இன்னும் இருக்கிறது. ஒரு ஊர் பம்பைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

ஊரைத் தேடி யாரும் வருவதில்லை, திறந்திருக்கும் போர்ட்டைத் தேடித்தான் வருகிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற சின்ன ஊர். 2023 நவம்பர் 25 அன்று அங்குள்ள குடிநீர் வாரியத்தின் பூஸ்டர் நிலையத்தில், தண்ணீர் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் பிஎல்சியின் திரையில் “You have been hacked” என்று வந்தது. இஸ்ரேலில் செய்த கருவி எல்லாம் எங்கள் இலக்கு என்றும் எழுதியிருந்தது. அந்த பிஎல்சி, யூனிட்ரானிக்ஸ் என்ற இஸ்ரேல் நிறுவனத்தின் தயாரிப்பு. ஊழியர்கள் அதைக் கழற்றிவிட்டு பம்பைக் கையால் இயக்கியதால் தண்ணீர் நிற்கவில்லை.

அந்த வகை பிஎல்சிகளின் ஆரம்ப பாஸ்வேர்டு 1111, போர்ட் 20256. இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதனால்தான் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், இணையத்திலிருந்து பிஎல்சியைக் கழற்றுங்கள் என்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கை விட்டது.

மாற்றுவதை ஓடும் பிளான்ட்டில் செய்ய வேண்டாம். ஷட்டவுன் நாளில் முதலில் புரோகிராமை பேக்கப் எடுங்கள். பிளான்ட்டைக் கண்காணிக்கும் ஸ்காடாவோ, ஆபரேட்டர் திரையான எச்எம்ஐயோ அதே பாஸ்வேர்டை வைத்து இணைகிறதென்றால் அங்கேயும் கூடவே மாற்ற வேண்டும்; இல்லையென்றால் திரையில் எல்லா அளவும் கேள்விக்குறியாகி நிற்கும். புது பாஸ்வேர்டை எழுதி உறையில் போட்டு ஒட்டி மேனேஜர் பீரோவில் வையுங்கள், பேனல் கதவின் உட்புறத்தில் ஒட்டாதீர்கள். (சிரிக்காதீர்கள், நிறையப் பேனலில் பார்த்திருக்கிறேன்.)

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பல பிஎல்சிகளில் பாஸ்வேர்டு காப்பது புரோகிராமை மாற்றும் கதவை மட்டும்தான். ஸ்காடாவும் பிஎல்சியும் பேசிக்கொள்ளும் மோட்பஸ் டிசிபிக்கு பாஸ்வேர்டு கேட்கும் வழக்கமே கிடையாது. 502 போர்ட்டை எட்ட முடிந்த யாரும், எழுத அனுமதியுள்ள ரெஜிஸ்டரில் செட்பாயின்ட்டை மாற்றிவிடலாம். அந்தக் கதவுக்குக் காவல் ஃபயர்வால்தான்.

ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் பிளான்ட்டுக்கும் நடுவே ஃபயர்வால் போட்டுவிட்டோம். போதுமா?

எப்படிப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு உதாரணம் பார்ப்போம். ஆபீஸ் 192.168.1, ஸ்காடா 192.168.20, பிஎல்சிகள் 192.168.10 என்று மூன்று தனி நெட்வொர்க். பிஎல்சி பக்கம் தேவைப்படும் விதிகள் இவ்வளவுதான்:

```
allow 192.168.20.5 -> 192.168.10.20 tcp/502
deny  any -> 192.168.10.0/24
deny  192.168.10.0/24 -> any
```

மூன்றாவது வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிஎல்சி தானாக வெளியே போய்ப் பேசவேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

அடிக்கடி பார்க்கும் தவறுகள் இரண்டு. ஸ்காடா கம்ப்யூட்டரும் பிஎல்சியும் ஒரே சப்நெட்டில், ஒரே சாதா ஸ்விட்சில் இருந்தால் அவற்றின் பேச்சு ஃபயர்வால் பக்கமே போகாது. இன்னொன்று, ரிப்போர்ட் எடுக்க வசதி என்று ஸ்காடா கம்ப்யூட்டரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டு ஆபீஸிலும் இணைத்து வைப்பது. முன்வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டு கொல்லைக்கதவைத் திறந்து போட்ட கதைதான்.

சரிபார்க்க ஆபீஸ் லேப்டாப்பில் பவர்ஷெல் திறந்து இதைக் கொடுங்கள்:

```
Test-NetConnection 192.168.10.20 -Port 502
```

TcpTestSucceeded : False என்று வரவேண்டும். அதே கட்டளைக்கு ஸ்காடா கம்ப்யூட்டரில் True வரவேண்டும். அப்போதுதான் பிஎல்சி அணைந்திருந்ததால் False வரவில்லை என்பது உறுதி. ஆர்வத்தில் ஸ்கேனர் மென்பொருளை வைத்து நெட்வொர்க் முழுவதையும் துழாவாதீர்கள். சில பழைய பிஎல்சிகள் அதிலேயே ஹேங் ஆகிவிடலாம்.

சாதா ஃபயர்வால் 502-ஐத் திறப்பதா மூடுவதா என்பதை மட்டும்தான் பார்க்கும். அந்த வழியில் போவது படிக்கும் கட்டளையா எழுதும் கட்டளையா என்று அதற்குத் தெரியாது. அதைப் பிரிக்க மோட்பஸ் புரிந்த தொழிற்சாலை ஃபயர்வால் வேண்டும். அதனால் ஸ்காடா கம்ப்யூட்டர் யாரிடமாவது சிக்கினால் இந்த விதிகள் உதவாது.

மெஷின் சப்ளையர் பேனலில் சிம் போட்ட ரவுட்டர் வைத்திருக்கிறார். கழற்றச் சொன்னால் சர்வீஸ் கிடைக்காது என்கிறார்.

கழற்ற வேண்டாம், வழியை மாற்றச் சொல்லுங்கள். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிஎல்சியின் போர்ட் அதில் இருந்தால் அன்றே நீக்க வேண்டும். அதற்குப் பதில் விபிஎன், ஆளுக்கொரு கணக்கு, போனில் வரும் ஓடிபி போல இரண்டாவது சரிபார்ப்பு. சில தொழிற்சாலை ரவுட்டர்களில் டிஜிட்டல் இன்புட் ஒன்று இருக்கும். அதில் ஒரு சாவி ஸ்விட்சை இணைத்துவிட்டால், ஷிப்ட் இன்சார்ஜ் சாவியைத் திருப்பினால்தான் விபிஎன் எழும். வேலை முடிந்ததும் சாவி அவர் பாக்கெட்டுக்குப் போய்விடும். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மறக்காமல் மாற்றுங்கள், அதுவும் கம்பெனி போட்டதாகத்தான் இருக்கும்.

எங்கள் பிளான்ட்டில் இன்டர்நெட்டே கிடையாது. இதெல்லாம் எங்களுக்கு வேண்டுமா?

வேண்டும். சர்வீஸ் இன்ஜினியரின் லேப்டாப் நேற்று எந்தக் கம்பெனி நெட்வொர்க்கில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், பிஎல்சியின் முகப்பில் சாவி இருந்தால் அது RUN-இல் இருக்கிறதா என்று பாருங்கள். 2017-இல் சவூதி பெட்ரோகெமிக்கல் ஆலை ஒன்றின் பாதுகாப்பு கன்ட்ரோலரில் ட்ரைட்டன் என்ற தீய மென்பொருள் ஏறியபோது, அந்தச் சாவி, புரோகிராமை மாற்ற விடும் PROGRAM-இல் விடப்பட்டிருந்தது.