ஒரு வோல்ட் கொடுத்த சுற்றில் எட்டு வோல்ட்

அய்யா, பெருந்துறைப் பக்கம் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கிறேனுங்க. 10 மில்லிஹென்றி காயில், 103 என்று போட்ட கெப்பாசிட்டர், 47 ஓம் ரெசிஸ்டர் மூன்றையும் தொடராக இணைத்து, ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 1 வோல்ட் வைத்தேன். 15.9 கிலோஹெர்ட்ஸ் வந்ததும் கெப்பாசிட்டரில் 7.8 வோல்ட் ஏறுகிறது. கொடுத்ததைவிட அதிகம் எப்படி வருமுங்க? வோல்டேஜ் எத்தனை மடங்கு ஏறும் என்று சொல்லும் Q, கணக்குப்படி 21 வர வேண்டும், அதுவும் வரவில்லை. அந்த இடத்தில் ஜெனரேட்டர் முனையில் 0.6 வோல்ட்தான் நிற்கிறது. ஜெனரேட்டர் பழுதுங்களா?

அன்புள்ள தம்பி,

ஜெனரேட்டர் நன்றாகவே இருக்கிறது. அந்த 0.6 வோல்ட்டில்தான் உங்கள் Q கேள்விக்கும் விடை இருக்கிறது. முதலில் 7.8-ஐப் பார்ப்போம்.

15.9 கிலோஹெர்ட்ஸில் காயிலின் மறுப்பு 1000 ஓம், கெப்பாசிட்டரின் மறுப்பும் 1000 ஓம். தொடர் சுற்று என்பதால் இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட். ஆனால் காயிலின் வோல்டேஜ் கரண்டுக்குக் கால் சுற்று முந்தி வரும், கெப்பாசிட்டரின் வோல்டேஜ் கால் சுற்று பிந்தி வரும். ஆகவே ஒன்று மேலே ஏறும்போது இன்னொன்று அதே அளவு கீழே இறங்கும். இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். ஜெனரேட்டரின் கண்ணுக்குக் காயிலும் இல்லை, கெப்பாசிட்டரும் இல்லை; வெறும் ரெசிஸ்டன்ஸ்தான் தெரியும். கரண்டை அதுமட்டுமே தீர்மானிக்கிறது. அந்தக் கரண்ட் 8 மில்லிஆம்பியர் என்றால், 1000 ஓம் கெப்பாசிட்டரில் அது 8 வோல்ட்டாக நின்றே ஆக வேண்டும்.

ஸ்கோப்பில் இரண்டு சேனலையும் போட்டுப் பாருங்கள். ஜெனரேட்டர் அலை பூஜ்யத்தைக் கடக்கும் அதே கணத்தில் கெப்பாசிட்டர் அலை உச்சியில் இருக்கும். அந்தக் கணத்தில் அந்த வோல்டேஜைத் தாங்கிப் பிடிப்பது ஜெனரேட்டர் அல்ல, எதிர்த்திசையில் நிற்கும் காயில்தான்.

ஆற்றல் எங்கிருந்து வந்தது என்றால், சேர்ந்தது. ஆடியில் தூரி ஆடும்போது ஒரே தள்ளில் யாரும் உச்சிக்குப் போவதில்லை. சரியான நேரத்தில் சின்னச் சின்னதாகத் தள்ளத் தள்ள வீச்சு ஏறும். காற்றும் கயிறும் தின்பதும் தள்ளுவதும் சமமானதும் நின்றுவிடும். உங்கள் சுற்றிலும் சுமார் 13 அலைகளில், அதாவது ஒரு மில்லிசெகண்டுக்குள், வீச்சு முழுதாக ஏறிவிடும். அதற்குப் பிறகு ஜெனரேட்டர் தருவது 8 மில்லிவாட் மட்டும், அத்தனையும் ரெசிஸ்டன்ஸில் சூடாகிறது. காயிலுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவே போய் வருவதை, 8 வோல்ட்டையும் 8 மில்லிஆம்பியரையும் பெருக்கிப் பார்த்தால் 64 வருகிறது. 64-ஐ 8-ஆல் வகுத்தால் 8. அதுதான் Q.

இனி 21 ஏன் வரவில்லை என்பது. நீங்கள் 1000-ஐ 47-ஆல் வகுத்திருக்கிறீர்கள். கரண்டோ ஜெனரேட்டருக்குள் இருக்கும் 50 ஓமையும், காயில் கம்பியின் ரெசிஸ்டன்ஸையும் கடந்துதான் ஓடுகிறது. காயிலை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். உங்கள் அளவுகளை வைத்துப் பார்த்தால் 28 ஓம் பக்கம் இருக்க வேண்டும். மொத்தம் 125 ஓம். 1 வோல்ட்டுக்கு 8 மில்லிஆம்பியர், Q = 8. முனையில் 0.6 நிற்பதும் இதனால்தான்: உள்ளே 50 ஓமில் 0.4 வோல்ட் விழுந்துவிடுகிறது. 8-க்குப் பதில் 7.8 வந்தது, காயிலின் கோர் 16 கிலோஹெர்ட்ஸில் கொஞ்சம் தின்பதால் இருக்கலாம். உதிரிபாகங்களின் மதிப்பு சற்று முன்பின் இருப்பதும் காரணமாகலாம்.

பட்டை அகலத்தையும் அளந்துவிடுங்கள். ரெசிஸ்டரின் குறுக்கே வோல்டேஜ் 0.376 பக்கம் உச்சத்தில் இருக்கும். அதன் 0.707 பங்கு, அதாவது 0.266 வரும்வரை ஃப்ரீக்வென்சியைக் கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை நகர்த்துங்கள். 14.95, 16.94 கிலோஹெர்ட்ஸ் அருகே கிடைக்கும். வித்தியாசம் சுமார் 2 கிலோஹெர்ட்ஸ், 15.9-ஐ அதனால் வகுத்தாலும் 8.

இங்கே பலரும் செய்யும் பிழை, முனை வோல்டேஜ் குறைகிறதே என்று ஒவ்வொரு அளவுக்கும் ஜெனரேட்டர் குமிழைத் திருகி 1 வோல்ட்டுக்குக் கொண்டுவருவது. அப்படிச் செய்தால் 50 ஓம் கணக்கிலிருந்தே போய்விடும். Q 13, அகலம் 1.2 கிலோஹெர்ட்ஸ் என்று வரும். அதுவும் சரியான விடைதான், ஆனால் அது 75 ஓம் சுற்றுக்கு. ஆரம்பத்தில் வைத்த குமிழைத் தொடாதீர்கள்.

ஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப் எப்போதும் ஜெனரேட்டர் கிரவுண்டில்தான் இருக்க வேண்டும். நடுவில் மாட்டினால் கீழே இருக்கும் பாகம் ஷார்ட் ஆகிவிடும். எனவே எதை அளக்கிறீர்களோ அதைக் கிரவுண்டு பக்கம் மாற்றி வையுங்கள்: கெப்பாசிட்டருக்கு ஒரு முறை, ரெசிஸ்டருக்கு ஒரு முறை. சாதாரண மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்சை 16 கிலோஹெர்ட்ஸில் நம்ப வேண்டாம்.

இதே சுற்றுக்கு 10 வோல்ட் கொடுக்கும் எண்ணம் இருந்தால், கெப்பாசிட்டரில் 80 வோல்ட், உச்சத்தில் 113 வோல்ட் வரும். ‘10 வோல்ட் சப்ளைதானே’ என்று 50 வோல்ட் கெப்பாசிட்டரைப் போட்டுவிடாதீர்கள். 100 வோல்ட் என்று அச்சிட்டதும் போதாது. 250 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் வாங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கால்களைத் தொடவும் வேண்டாம்.