பனோரமாவில் கைப்பிடி முறிவது ஏன்?

"யாங்கூன் கண்டோஜி ஏரி மரப்பாலத்தில் நின்று 6 படம் எடுத்து Hugin மென்பொருளில் ஒரே பனோரமாவாக ஒட்டினேன். வானத்தில் பட்டை தெரிகிறது, பாலத்தின் கைப்பிடி முறிந்து நிற்கிறது. எப்படிச் சரிசெய்வது?"

வானத்துப் பட்டை எளிது. படத்துக்குப் படம் வெளிச்ச அளவு மாறியிருக்கும். Photos பக்கத்தில் Photometric-ஐ Low dynamic range என்று வைத்து Calculate அழுத்துங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும்.

கைப்பிடிதான் உண்மையான சிக்கல். நீங்கள் உடம்போடு திரும்பும்போது லென்ஸும் ஓரடி நகர்கிறது. தூரத்து ஷ்வேடகோன் பகோடாவின் கோபுரத்துக்கு அது ஒன்றுமில்லை. கைக்கெட்டும் கைப்பிடிக்கு மிகப் பெரிய மாற்றம். அடுத்தடுத்த இரு படங்களைப் பாருங்கள்: கைப்பிடித் தூண் ஒன்றில் கோபுரத்துக்கு இடப்பக்கமும் மற்றதில் வலப்பக்கமும் இருந்தால் காரணம் இதுதான். எந்த மென்பொருளாலும் இரண்டையும் ஒருசேரப் பொருத்த முடியாது.

அதனால் இரு படங்களிலும் ஒரே இடத்தைக் குறிக்கும் இணைப்புப் புள்ளிகளில் கைப்பிடிமேல் விழுந்தவற்றை முதலில் நீக்குங்கள். கோபுரம், அக்கரை மரங்கள் மேலுள்ளவை போதும். மறுபடி கணக்கிட்டபின், Masks பக்கத்தில் ஒரு படத்தின் கைப்பிடிப் பகுதியை Exclude region ஆக வரையுங்கள். அந்த இடம் அடுத்த படத்திலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை விழும். கைப்பிடி நீளமாக ஓடுவதால் இரு படங்களும் சேரும் தையல் எங்காவது அதைக் குறுக்கே வெட்டத்தான் செய்யும். முகமூடியின் விளிம்பை ஒரு செங்குத்துத் தூணின் ஓரமாகக் கொண்டுபோங்கள். வெட்டு தூணோரத்தில் ஒளிந்துகொள்ளும். வெறும் பலகையில் விழுந்தால் பளிச்சென்று தெரியும்.

அடுத்த முறை எடுக்கும்போது நீங்கள் நகராமல், லென்ஸ் இருக்கும் இடத்தை அச்சாக வைத்துக் கேமராவைத் திருப்புங்கள்.