பெயரைப் போடாதீர்கள், வாலைக் காட்டுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனையைக் காணவில்லை. அடியில் போன் நம்பரைக் கிழித்துக்கொள்வது மாதிரி போஸ்டர் போடலாம் என்று இருக்கிறோம். தலைப்பில் என்ன எழுதலாம்? போட்டோவை எங்கே வைப்பது? சிங்கப்பூரில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

தலைப்பில் பூனையின் பெயரைப் போடாதீர்கள். "எங்கள் செல்லம் மீனுக்குட்டியைப் பார்த்தீர்களா?" என்றுதான் எல்லோருக்கும் எழுதத் தோன்றும், மனசு அப்படி இருக்கும். ஆனால் லிஃப்டுக்குக் காத்திருப்பவருக்கு மீனுக்குட்டி யாரென்று தெரியாது. அவர் கண்ணில் முதலில் படவேண்டியது இரண்டே விஷயம்: தொலைந்தது பூனை, அது என்ன நிறம். பெயர் கீழே சின்ன எழுத்தில் இருந்தால் போதும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் என்பதற்காக.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஈசூனில் வீவக வீட்டில் இருக்கிறோம். ஏர்கான் சர்வீஸுக்கு வந்த ஆள் ஏணியைக் கொண்டுவருவதற்காகக் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போனதில் பூனை வெளியே போய்விட்டது. பூனை இருக்கிறது, கேட்டைச் சாத்துங்கள் என்று வாசலிலேயே சொன்னேன். கம்பெனிக்குப் போன் செய்தால், செல்லப்பிராணிகளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதே ஆட்கள்தான் ஒவ்வொரு முறையும் கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்று கூடுதல் வெள்ளி கேட்பவர்கள். ஏர்கானில் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது. குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் நிரப்பிவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை.

போஸ்டருக்கு வருகிறேன். முதல் போஸ்டரை என் தங்கை மகன் பாசமாகச் செய்துகொடுத்தான். மேலே பூனையின் பெயர், நடுவில் முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்த படம், அதைச் சுற்றி இதயங்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வந்த அழைப்புகளெல்லாம் வேறு பூனைகளுக்காக. நம் பேட்டையில் ஒவ்வொரு பிளாக்கிலும் ஆரஞ்சு நிறத் தெருப்பூனை ஒன்றாவது படுத்திருக்கும், முகத்தை வைத்து எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் பூனைக்கு வால் பாதியில் ஒடிந்த மாதிரி இடப்பக்கம் வளைந்திருக்கும். சிங்கப்பூர்ப் பூனைகளுக்கு இப்படி வளைந்த வாலும் குட்டை வாலும் சகஜம், ஆனால் ஒவ்வொன்றும் வளைகிற இடம் வேறு. அந்த வால் முதல் போஸ்டரில் எங்குமே இல்லை.

இரண்டாவதை நான் செய்தேன். ஏ4 தாளை நிமிர்த்தி வைத்து மேலிருந்து நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். தலைப்புக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர், படத்துக்கு 13, விவரத்துக்கு 5, கிழிக்கும் துண்டுகளுக்கு 6. தாளில் படம்தான் பெரியது, அது தலைப்புக்கு நேர் கீழே அகலம் முழுக்க வரவேண்டும். இரண்டு மூன்று படங்களைச் சேர்த்து ஒட்டினால் எல்லாமே சிறுத்து, தூரத்திலிருந்து ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் நின்றபடி, தலை முதல் வால் வரை தெரிகிற ஒரே படம் போதும். வரிப்பூனையாக இருந்தால் இடப்பக்கக் கோடுகளும் வலப்பக்கக் கோடுகளும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் படத்தில் இருப்பது எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். அடையாளம் வாலில் இருந்தால் அதை மட்டும் பெரிதாக்கி, படத்தின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு வைக்கலாம்.

சோபாவில் எடுத்த படம் வேண்டாம். பழுப்பு சோபாவில் ஆரஞ்சுப் பூனை கறுப்பு வெள்ளை போட்டோகாப்பியில் அப்படியே மறைந்துபோகும். வெளிறிய டைல்ஸ் தரையில் எடுத்த படம் இருந்தால் அதை எடுங்கள். கலர் பிரிண்ட் கட்டுப்படியாகவில்லை என்றால் தலைப்பில் நிறத்தைச் சொல்லியிருக்கிறீர்களே, அது காப்பாற்றும்.

தலைப்பை இரண்டு வரியாக எழுதினேன். ஆங்கிலத்தில் 'லாஸ்ட் கேட்' என்று பெரிதாக, அடுத்த வரியில் 'ஆரஞ்சு, வளைந்த வால்' என்று. முதல் வரி 100 புள்ளி அளவில் தடித்த எழுத்தாக இருந்தால் எழுத்தின் உயரம் சுமார் ஓர் அங்குலம் வரும், பத்தடி தள்ளி நின்றும் சிரமமில்லாமல் படிக்கலாம். லிஃப்ட் வாசலில் நிற்பவருக்கும் சுவருக்கும் இடையில் அந்தத் தூரத்துக்கு மேல் இருக்காது. அதன் கீழே சீனத்திலும் மலாயிலும் தமிழிலும் ஒவ்வொரு வரி. பேட்டையில் பூனைக்குச் சாப்பாடு வைக்கிற சீன ஆன்ட்டி, மலாய் மக்சிக், அதிகாலையில் கூட்டிப் பெருக்க வருகிற நம் தமிழ்நாட்டுத் தம்பி, இவர்கள்தான் பூனைகளை நின்று கவனிப்பவர்கள். கோப்பை பிடிஎஃப் ஆக்கிக் கடைக்குக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கம்ப்யூட்டரில் தமிழ் வரி கட்டம் கட்டமாக வந்து நிற்கும்.

விவரத்தில் நான் விடாமல் எழுதியது ஒன்று: 'காது நுனி வெட்டப்படவில்லை'. கருத்தடை செய்த தெருப்பூனைகளுக்குக் காது நுனியை வெட்டியிருப்பார்கள் என்பது சாப்பாடு வைப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். முழுக் காதோடு புதிதாக ஒரு பூனை வந்தால் அவர்களுக்கு உடனே பொறி தட்டும். கூடவே, 'துரத்த வேண்டாம், படம் எடுத்து இடத்தைச் சொல்லுங்கள்' என்றும் எழுதினேன். பயந்த பூனையை நாலு பேர் துரத்தினால் அது அடுத்த பிளாக்குக்குப் போய்விடும். எந்த பிளாக் பக்கம் தொலைந்தது என்று எழுதலாம், வீட்டு எண் வேண்டாம்.

இனி துண்டுகள். பலரும் பன்னிரண்டு, பதினைந்து என்று வெட்டி வெறும் நம்பரை மட்டும் எழுதிவிடுகிறார்கள். பையில் போட்டுக்கொண்டு போனவர் மறுநாள் எடுத்துப் பார்த்தால் இது எதற்கு வாங்கிய நம்பர் என்றே தெரியாது. எட்டுத் துண்டு போதும், ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டர் அகலம் வரும். தாளைத் திருப்பிப் பிடித்தால் படிக்கிற மாதிரி முதல் வரியில் 'ஆரஞ்சுப் பூனை, வளைந்த வால்', இரண்டாம் வரியில் நம்பர், நாலு நாலு இலக்கமாக இடைவெளி விட்டு. வெட்டும்போது விவரப் பகுதிக்குள் கத்தரி போகாமல் நிறுத்துங்கள். ஒட்டும் முன் ஒரு துண்டை நீங்களே கிழித்துவிடுங்கள். முழுசாக இருக்கிற தாளில் முதல் ஆளாகக் கைவைக்க ஜனங்கள் தயங்குகிறார்கள்.

ஒவ்வொரு போஸ்டரின் துண்டுகளிலும் ஓரத்தில் ஓர் எழுத்தும் போட்டேன்: காப்பிக்கடைக்கு 'கா', மளிகைக்கடைக்கு 'ம', கிளினிக்குக்கு 'கி'. போன் வந்ததும் துண்டில் என்ன எழுத்து என்று கேட்டால் அழைப்பவர் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும்.

நம் ஊர் மழைக்கு பிளாஸ்டிக் உறை கட்டாயம். உறையின் வாய் கீழ்ப்பக்கம் இருக்கட்டும், துண்டுகள் மட்டும் வெளியே தொங்கட்டும். வாய் மேலே இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கும், துண்டையும் யாரும் கிழிக்க முடியாது. பிரிண்ட் லேசரில் எடுங்கள், இங்க்ஜெட் மை ஈரத்தில் கரைந்து ஒழுகிவிடும்.

எங்கே ஒட்டுவது என்பதில் கவனம் வேண்டும். 'அதெல்லாம் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்' என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். அனுமதியில்லாமல் பொதுச் சுவரில் போஸ்டர் ஒட்டுவதும் இங்கே வேண்டலிசம் சட்டத்தில் வருகிறது. லிஃப்ட் வாசல் அறிவிப்புப் பலகைக்கு நகர மன்றத்திடம் கேளுங்கள். ஆனால் அந்தப் பலகை கண்ணாடி போட்டுப் பூட்டியிருந்தால் துண்டுகளால் பிரயோஜனமில்லை. அதற்குத் துண்டே இல்லாமல், அந்த 6 சென்டிமீட்டரிலும் நம்பரையே பெரிதாகப் போட்டுத் தனியாக ஒன்று அடியுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். துண்டுப் போஸ்டர் கடைகளுக்குள்தான் பலிக்கும். கடைக்காரரிடம் கேட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் ஒட்டுங்கள்.

டெலிகிராமில் போட்டால் போதாதா என்று இங்கே யாராவது கேட்பார்கள். போடுங்கள், நானும் போட்டேன். ஆனால் அதைப் பார்ப்பவர் ஜூரோங்கில் இருப்பார், பூனை உங்கள் பிளாக்கின் படிக்கட்டில் இருக்கும். தொலைந்து கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன என்று 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. எனவே போஸ்டரை நெருக்கமாகப் போடுங்கள், ஊர் முழுக்க வேண்டாம். ஒட்டிவிட்டு உட்காராமல் மேல் மாடி, கீழ் மாடி, செருப்பு அலமாரிகளுக்குப் பின்னால் என்று நீங்களும் தேடுங்கள்.

எங்களுக்குப் போன் வந்தது 'ம' போட்ட துண்டிலிருந்து. மளிகைக்கடையில் கிழித்துப் பர்ஸில் வைத்திருந்த ஒரு மக்சிக், பலமாடிக் கார் நிறுத்தத்தில் சாப்பாடு வைக்கும்போது ஒரு வேனுக்கு அடியில் வாலைப் பார்த்திருக்கிறார். முகம் தெரியவில்லை, இருட்டு. வளைந்த வாலைத் துண்டில் எழுதியிருந்ததோடு ஒத்துப்பார்த்துக் கூப்பிட்டார். கூடையோடு போய் எடுத்துக்கொண்டு வந்தோம்.

அதற்கு முன்பே இன்னோர் அழைப்பும் வந்தது. பூனை என்னிடம் இருக்கிறது, டாக்ஸிக்கு முதலில் பேநவ்வில் பணம் அனுப்புங்கள் என்றார் ஒருவர். எங்கள் பூனையின் வலது பின்னங்கால் மெத்தையில் ஒரு கறுப்புப் புள்ளி உண்டு, அதை வேண்டுமென்றே போஸ்டரில் எழுதாமல் வைத்திருந்தோம். அந்தக் காலைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன், அதோடு அழைப்பு நின்றுவிட்டது. நீங்களும் ஓர் அடையாளத்தை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சன்மானம் உண்டு என்று எழுதலாம், தொகையை எழுதாதீர்கள்.

கடைசியாக ஒன்று. வீவக வீட்டில் பூனை வைத்திருக்கிறோமே, போஸ்டர் போட்டால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் முன்பு பலருக்கு இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம், உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும். சிப் இருந்தால் அதில் பதிந்திருக்கும் நம்பர் இப்போது நீங்கள் வைத்திருக்கும் நம்பர்தானா என்று இன்றைக்கே பாருங்கள். உங்கள் பூனையின் நிறம், வால், காது எப்படி என்று இங்கே எழுதினால் தலைப்பு வரியை நானே எழுதித் தருகிறேன்.