பச்சை வெள்ளைக்கருவும் பயோட்டினும்

“மூணு மாசமா தினமும் காலைல நாலு பச்சை வெள்ளைக்கரு அடிச்சு, கூடவே பயோட்டின் மாத்திரை. முடி கொட்டுறது நிக்கலை. வெள்ளைக்கருதான் தடுக்குதா?”

தடுக்கும், நண்பரே. பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்றொரு புரதம் உண்டு. அது பயோட்டினை இறுகப் பிடித்துக்கொள்ளும். நம் செரிமானத்தால் அந்தப் பிடியைப் பிரிக்க முடியாது, இரண்டும் சேர்ந்தே மலத்தில் போய்விடும். கூடவே விழுங்கும் மாத்திரையிலும் ஒரு பகுதி இப்படிப் போகும்.

மிக்ஸியில் நுரைக்க அடிப்பதால் அவிடின் சாகாது. சூடுதான் அதன் வடிவத்தைக் குலைத்துப் பிடியைத் தளர்த்தும். அரைவேக்காட்டில் கணிசமாக மிஞ்சும். வெள்ளைக்கரு முழுக்க வெளுத்துக் கெட்டியாகும்வரை வேகவையுங்கள். நடுவில் கண்ணாடி போல வழவழப்பு தெரிந்தால் இன்னும் வேகவில்லை. வெந்ததில் புரதமும் நன்றாகவே செரிக்கும், அதனால் உங்களுக்கு நஷ்டமில்லை.

எப்போதாவது ஒரு பச்சை முட்டையால் குறை வராது. தினமும், வாரக்கணக்கில் என்றால்தான் வரும். கண், மூக்கு, வாயைச் சுற்றிச் சிவந்து செதில் உதிர்கிறதா என்று பாருங்கள். முடியோடு அதுவும் இருந்தால் பயோட்டின் குறையைச் சந்தேகிக்கலாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். முடி மட்டும் கொட்டினால் இரும்புச்சத்து, தைராய்டு பரிசோதனையும் தேவை. ரத்தம் கொடுக்குமுன் மாத்திரை சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள், பயோட்டின் தைராய்டு முடிவைத் தவறாகக் காட்டிவிடக்கூடும்.